ஏசி போடுவது இருவர், பில் கட்டுவது நால்வர்: வாடகையையும் கரண்ட் பில்லையும் எப்படிப் பிரிப்பது?

மொட்டைமாடி_காற்று | 2023 ஜூன் 11, இரவு 10.40

வேளச்சேரியில் மூன்று பெட்ரூம் வீடு, நாங்கள் நான்கு பேர். வாடகை 30,000. பெரிய ரூமில் ஒருவர்; அதில் அட்டாச்டு பாத்ரூம், பால்கனி, ஓனர் மாட்டிவைத்த பழைய ஒன்றரை டன் ஏசி எல்லாம் உண்டு. சின்ன ரூமிலும் ஒருவர்தான். அவர் சொந்தமாக ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கி மாட்டியிருக்கிறார். நடு ரூமில் நானும் இன்னொருவரும். எங்களுக்கு ஃபேன் மட்டும்.

இதுவரை வாடகை, கரண்ட் இரண்டையும் நாலாகப் பிரித்துக் கட்டி வந்தோம். பிப்ரவரியில் வந்த பில் 420 யூனிட், 1,245 ரூபாய். அப்போது யாரும் ஏசி போடவில்லை, தலைக்கு 311 ரூபாய் யாருக்கும் வலிக்கவில்லை. போன வாரம் ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள்: 980 யூனிட், 6,350 ரூபாய். நாலாகப் பிரித்தால் தலைக்கு 1,587. ராத்திரி முழுக்க வியர்வையில் கிடப்பவன் ஏசிக்கும் காசு கொடுப்பதா என்று என் ரூம்மேட் கொதிக்கிறார். சண்டை போடாமல் கேட்க ஒரு கணக்கு வேண்டும். சொல்லுங்கள்.

நடுராத்திரி_நூடுல்ஸ் | ஜூன் 11, இரவு 11.15

இதில் குழப்பமே இல்லை ப்ரோ. ஒன்றரை டன் என்றால் மணிக்கு ஒன்றரை யூனிட், ஒரு டன் என்றால் ஒரு யூனிட். எத்தனை மணி நேரம் போட்டார்களோ அதால் பெருக்கி அவர்கள் தலையில் கட்டுங்கள். மீதியை நாலாகப் பிரியுங்கள். எங்கள் ரூமில் இப்படித்தான்.

மேன்ஷன்_மாது | ஜூன் 11, இரவு 11.52

எங்கள் ஓனர் யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்குகிறார். ஈபி கார்டைக் காட்டச் சொன்னால் காட்டுவதில்லை. இதற்கு எங்கே புகார் கொடுப்பது?

மொட்டைமாடி_காற்று | ஜூன் 12, காலை 7.05

@மேன்ஷன்_மாது, எங்களுக்கு ஓனரோடு பிரச்சினை இல்லை. ஈபி பில்லை நேரடியாக நாங்களே கட்டுகிறோம். உங்களுடையது வேறு கேஸ், தனி இழை போடுங்கள்.

@நடுராத்திரி_நூடுல்ஸ், இரண்டு பேரும் இரவு பத்து முதல் காலை ஏழு வரை போடுகிறார்கள். 60 நாள், தினம் 9 மணி நேரம், 540 மணி. உங்கள் கணக்கில் பெரிய ரூமுக்கு 810, சின்ன ரூமுக்கு 540.

பழைய_வயர்மேன் | ஜூன் 12, காலை 8.30

810-ஐயும் 540-ஐயும் கூட்டிப் பாருங்கள், 1,350. மொத்த பில்லே 980-தான். ஃப்ரிட்ஜ் கரண்டைத் திருப்பிக் கொடுத்ததா என்ன?

டன் என்பது குளிர்விக்கும் அளவு, கரண்ட் இழுக்கும் அளவு அல்ல. பழைய மாடல் ஒன்றரை டன் ஏசியில் கம்ப்ரசர் ஓடும்போது ஒன்றரை யூனிட் வேகத்தில் இழுக்கும் என்பது சரிதான். ஆனால் ரூம் குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும், ஃபேன் மட்டும் சுற்றும். விடிய விடிய அது ஓடி ஓடி நிற்பதால் சராசரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இன்வெர்ட்டர் நிற்காது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடும். அதனால் இன்னும் குறைவு.

ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று குத்துமதிப்பாகத் தெரியும். நம் ஊர் மே மாதத்தில், பதினெட்டில் வைத்துத் தூங்குகிற ஆளுக்கு, அது பொருந்தாது. ஸ்டிக்கரும் கிழிந்திருக்கும்.

அதைவிட மூன்று இரவு மீட்டரைப் பாருங்கள். முதல் இரவு இரண்டு ஏசியும் வேண்டாம். பதினொன்றுக்கு ஒரு ரீடிங், காலை ஆறுக்கு ஒரு ரீடிங், இரண்டையும் போட்டோ எடுங்கள். மறுநாள் பெரிய ஏசி மட்டும். அதற்கு மறுநாள் சின்னது மட்டும். மூன்று இரவும் வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எதுவும் ஓடக்கூடாது. கழித்துப் பார்த்தால் விடை வந்துவிடும்.

மொட்டைமாடி_காற்று | ஜூன் 15, இரவு 9.20

செய்து பார்த்தோம். ஏசி இல்லாத இரவைத் தேர்ந்தெடுக்கத்தான் பெரும்பாடு. முந்தாநாள் கொஞ்சம் மழை பெய்த புண்ணியத்தில் சம்மதித்தார்கள்.

ஏசி இல்லாமல் ஏழு மணி நேரத்துக்கு 2.1 யூனிட். மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். பெரிய ஏசி ஓடிய இரவு 6.6. சின்னது ஓடிய இரவு 4.8. ஆக பெரியது ஏழு மணி நேரத்தில் 4.5 தின்றிருக்கிறது, சின்னது 2.7. மணிக்கு 0.64, 0.39. 540 மணி நேரத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 350-ம் 210-ம். மொத்தம் 560. 980-இல் கழித்தால் மீதி 420.

பிப்ரவரி பில்லும் 420 என்று பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பழைய_வயர்மேன் | ஜூன் 15, இரவு 10.10

அது தற்செயல். அப்போது ஹீட்டர் ஓடியிருக்கும், இப்போது பகலெல்லாம் ஃபேன் ஓடுகிறது. இருந்தாலும் கணக்கு கெட்டுப்போகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி.

இப்போதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பம். 560 யூனிட்டுக்கு என்ன விலை போடுவீர்கள்?

6,350-ஐ 980-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6.48 வரும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் போடுவார்கள். ஆனால் நம் ஈபியில் எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. போன செப்டம்பரில் மாறிய விலைப்படி, இரண்டு மாதத்துக்கு 500-க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 வெறும் 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50. அப்புறம் 600 வரை 8, 800 வரை 9, ஆயிரம் வரை 10. சரியாக 500 என்றால் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958.

அதனால் இரண்டு பில் போடுங்கள். ஏசியே இல்லாத வீடாக இருந்தால் 420 யூனிட்டுக்கு 1,245. இப்போது வந்தது 6,350. வித்தியாசம் 5,105, அது முழுக்க ஏசியால் வந்தது. 560 யூனிட்டுக்குப் பிரித்தால் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதுதான் ஏசியின் அசல் விலை.

5,105-ஐ 350-க்கு 210 என்ற விகிதத்தில் பிரித்தால் பெரிய ரூமுக்கு 3,191, சின்ன ரூமுக்கு 1,914. அதோடு பொதுவான 1,245-இல் தலைக்கு 311. பெரிய ரூம் 3,502, சின்ன ரூம் 2,225, நீங்கள் இருவரும் ஆளுக்கு 311. சில்லறை வித்தியாசத்தை டீக்கடையில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எக்செல்_ஏகாம்பரம் | ஜூன் 15, இரவு 11.35

இவ்வளவு சுற்ற வேண்டாம். ஸ்லாபையே நாலாகப் பிரியுங்கள். ஒவ்வொருவருக்கும் 25 யூனிட் இலவசம், அடுத்த 75-க்கு 4.50, அடுத்த 25-க்கு 6, இப்படியே. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஈபி கார்டு வைத்திருப்பதுபோல. ஏசி இல்லாதவருக்கு 105 யூனிட், 367 ரூபாய். சுத்தமான கணக்கு. ஷீட் வேண்டுமானால் தருகிறேன்.

பழைய_வயர்மேன் | ஜூன் 16, காலை 6.50

யோசனை நன்றாக இருக்கிறது. பெரிய ரூமுக்கும் போட்டுப் பார்த்தீர்களா? அவருக்கு 455 யூனிட். 250-ஐத் தாண்டியதெல்லாம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்லாபில் விழும், யூனிட்டுக்கு 11 ரூபாய். உங்கள் வீட்டு பில் ஆயிரத்தைத் தொடவே இல்லையே! நால்வர் தொகையையும் கூட்டினால் 6,350-ஐவிட அதிகமாக வரும். மிச்சப் பணத்தை யார் பாக்கெட்டில் வைப்பது?

எக்செல்_ஏகாம்பரம் | ஜூன் 16, காலை 9.12

கூட்டிப் பார்த்தேன், இடிக்கிறதுதான். கடைசியில் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு அது சுத்தமான கணக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய_ரூம் | ஜூன் 16, பகல் 1.30

வணக்கம். மேலே 3,502 ரூபாய் போடப்பட்டிருக்கும் பெரிய ரூம் நான்தான். ரூம்மேட் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனதால் இந்த இழை கண்ணில் பட்டது. வாழ்க நட்பு.

வயர்மேன் சார் கணக்கில் தப்பு சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி. ஏசிதான் கடைசியாக வந்த யூனிட் என்று யார் முடிவு செய்தது? இந்த இழையை ஆரம்பித்தவருக்கு வேலை வீட்டிலிருந்துதான். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஃபேன், இரண்டு மானிட்டர், லைட். இரவில் இண்டக்‌ஷன் அடுப்பில் பால், முட்டை, மேகி. நான் எட்டரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குத் திரும்புகிறவன். அந்த மானிட்டர்தான் கடைசி யூனிட், ஏசி முதல் யூனிட் என்று நான் சொன்னால்? இலவச 100 யூனிட்டும் மலிவு ஸ்லாபும் அவர்களுக்கு, பத்து ரூபாய் ஸ்லாப் முழுக்க எங்களுக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. ஏசி என்னுடையது இல்லை, ஓனருடையது. பழசு. அது அதிகமாக இழுப்பதற்கு நான் என்ன செய்ய?

மொட்டைமாடி_காற்று | ஜூன் 16, பகல் 2.05

அடப்பாவி. இனிமேல் லாக் போட்டுவிட்டுத்தான் குளிப்பேன்.

மானிட்டர் விஷயம் சரிதான். அதை நான் கணக்கில் கொண்டுவரவே இல்லை.

பழைய_வயர்மேன் | ஜூன் 16, மாலை 6.40

@பெரிய_ரூம் கேட்பது நியாயமான கேள்வி. எது கடைசி யூனிட் என்று மீட்டருக்குத் தெரியாது, அது நாம் வைக்கிற வரிசை. நான் ஏசியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பிப்ரவரியில் ஏசி இல்லாமல் இந்த வீடு ஓடியது, மானிட்டர் இல்லாமல் ஓடவில்லை என்பதுதான். இது பழக்கத்தை வைத்துச் சொல்வது, சட்டம் இல்லை.

சராசரி விலை போட்டால் என்ன வரும் என்றும் பாருங்கள். பெரிய ரூம் 2,948, சின்ன ரூம் 2,041, மற்ற இருவர் ஆளுக்கு 680. இந்தக் கணக்கில், பிப்ரவரியில் 311 கட்டியவர் அதே பழக்கத்தோடு இருந்தும் இப்போது 680 கட்டுகிறார். அடுத்த ரூம் ஏசி அவர் ஃபேனின் விலையை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டது.

மானிட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து 60 வாட் என்று வைத்துக்கொண்டால் பதினொரு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்கும் கீழே. மாதம் 22 வேலை நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட் சுமார். பகல் ஃபேனைச் சேர்த்தால் 65 வரலாம். ஏசிக்குப் பக்கத்தில் வராது, ஆனால் பூஜ்யமும் இல்லை.

ஏசியைச் சர்வீஸ் செய்து எத்தனை நாளாயிற்று? முன்பக்க மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவிப் பாருங்கள். கம்பளி போர்த்தியதுபோலத் தூசி இருந்தால், குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். அதே மூன்று இரவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஃபில்டர்_காபி | ஜூன் 16, இரவு 9.00

ஐந்து பெண்கள் ஒரே வீட்டில் மூன்று வருடம் இருந்தோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வித்தியாச பில் கணக்கு சரியானதுதான், ஆனால் ஏசிக்காரர்கள் மூஞ்சி தூக்கிவைத்துக்கொள்வார்கள். சராசரி போட்டால் மற்றவர்கள். நாங்கள் இரண்டையும் போட்டு நடுவில் வைத்துக்கொண்டோம். உங்களுக்கு அப்படிப் போட்டால் பெரிய ரூம் 3,225, சின்ன ரூம் 2,133, மற்ற இருவர் 496. யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகவில்லை.

அது கிடக்கட்டும். வாடகையையும் நாலாகத்தானே பிரிக்கிறீர்கள்? 7,500 கொடுத்து ஒருவர் பால்கனியோடு தனி ரூமில் இருக்கிறார், அதே 7,500 கொடுத்து நீங்கள் இன்னொருவர் குறட்டையோடு இருக்கிறீர்கள். மாதாமாதம் போவது அதுதான். அதை விட்டுவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில்லைப் பிடித்துத் தொங்குகிறீர்களே.

மொட்டைமாடி_காற்று | ஜூன் 16, இரவு 9.25

குறட்டை விடுவது நான்தான். ஆனால் நீங்கள் சொல்வது உறைக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஃபில்டர்_காபி | ஜூன் 16, இரவு 9.55

டேப் எடுத்து மூன்று ரூமையும் அளந்துகொள்ளுங்கள். வாடகையில் ஒரு பாதியை ஹால், கிச்சன், லிஃப்ட், வாட்ச்மேன் என்று பொதுவுக்கு வைத்து ஆள் கணக்கில் பிரியுங்கள். இன்னொரு பாதியைச் சதுர அடிக் கணக்கில் ரூம்களுக்குப் பிரியுங்கள். முழு வாடகையையும் சதுர அடியில் பிரித்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் அந்தத் தப்பைச் செய்து, சின்ன ரூம்காரிக்கு ஹாலும் கிச்சனும் ஓசி என்று ஆகிவிட்டது.

மொட்டைமாடி_காற்று | ஜூன் 18, காலை 11.10

அளந்தோம். பெரியது 180 சதுர அடி, நடு ரூம் 130, சின்னது 90. மொத்தம் 400.

15,000-ஐ நாலாகப் பிரித்தால் தலைக்கு 3,750. மற்ற 15,000 சதுர அடிக்கு 37.50 ஆகிறது. பெரிய ரூமுக்கு 6,750, நடு ரூமுக்கு 4,875, சின்ன ரூமுக்கு 3,375. ஆக பெரிய ரூம்காரர் 10,500, சின்ன ரூம்காரர் 7,125, நாங்கள் இருவர் ஆளுக்கு 6,187.

சின்ன ரூம்காரர் உடனே ஒத்துக்கொண்டார். பெரிய ரூம்காரர் ஒரே மாதத்தில் 3,000 ஏறுகிறது என்கிறார். அட்டாச்டு பாத்ரூமுக்கு இன்னும் ஐந்நூறு சேர்க்க வேண்டும் என்று என் ரூம்மேட் வேறு எண்ணெய் ஊற்றுகிறார். காலையில் ஒரு பாத்ரூமுக்கு மூன்று பேர் வரிசையில் நிற்பது நாங்கள்தானே என்பது அவர் வாதம்.

பெரிய_ரூம் | ஜூன் 18, பகல் 12.40

இந்த ரூமை நான் கேட்டு வாங்கவில்லை. நான் வந்தபோது காலியாக இருந்தது இதுதான். 7,500 என்று சொல்லித்தான் வரவழைத்தார்கள்.

ஃபில்டர்_காபி | ஜூன் 18, பகல் 1.15

அப்படியானால் ஏலம் விடுங்கள். ஏலச்சீட்டு தெரியும்தானே, அதுபோலத்தான். 10,500-க்கு இந்த ரூம் வேண்டுமா என்று மற்ற மூவரையும் கேளுங்கள். யாராவது சரி என்றால் அந்த விலை நியாயம், பெரிய ரூம்காரர் அதே விலைக்கு இருக்கலாம் அல்லது ரூம் மாற்றிக்கொள்ளலாம். மூன்று பேரும் வேண்டாம் என்றால் விலை அதிகம். 10,000, 9,500 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். யார் முதலில் கை தூக்குகிறாரோ அந்த விலை. குறைகிற தொகையை மற்ற ரூம்களில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நடுராத்திரி_நூடுல்ஸ் | ஜூன் 18, பகல் 2.00

ஏலம் விட்டால் சம்பளம் அதிகமாக வாங்குகிறவன்தான் எப்போதும் பெரிய ரூமில் இருப்பான். நண்பர்களுக்குள் அது நல்லாயில்லை.

ஃபில்டர்_காபி | ஜூன் 18, பகல் 2.20

நாலாகப் பிரித்தாலும் முதலில் வந்தவன்தான் எப்போதும் பெரிய ரூமில் இருப்பான். அது மட்டும் நல்லாயிருக்கிறதா?

ஜூரோங்_காத்து | ஜூன் 18, இரவு 8.30

சிங்கப்பூரிலிருந்து. இங்கே கரண்டுக்கு ஸ்லாப் கிடையாது, எத்தனை யூனிட் போனாலும் ஒரே விலை. அதனால் உங்களுடைய 'கடைசி யூனிட்' சண்டை இங்கே வராது, மணி நேரத்தைப் பெருக்கினால் முடிந்தது. சண்டை வேறு இடத்தில் வரும்: கதவைத் திறந்து போட்டுவிட்டு ஏசி போடுவது யார் என்று.

பழைய_வயர்மேன் | ஜூன் 19, காலை 7.15

மணி நேரம் எழுதிவைக்கிற வேலையெல்லாம் ஒரு மாதம்தான் ஓடும். வீட்டு லைன்கள் பிரிகிற டிபி பாக்ஸில் ஏசி லைன் ஒவ்வொன்றுக்கும் எம்சிபி என்கிற தனி சுவிட்ச் இருக்கும். அதற்கு அடுத்து ஒரு சப் மீட்டர் மாட்டச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கீழே இருக்கும் ஈபி மீட்டரையோ அதன் சீலையோ யாரும் தொடக்கூடாது.

ரீடிங் எடுக்கிற அன்றே சப் மீட்டர் இரண்டையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள். நடுவில் ஒருவர் காலி செய்தாலும் புதிதாக வந்தாலும் அன்றைக்கு மெயின் மீட்டரையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் போனவரிடம் பாக்கி கேட்டுப் போன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

மொட்டைமாடி_காற்று | ஜூலை 2, இரவு 10.15

நிலவரம். பெரிய ரூம் ஏலத்தில் 9,500-க்கு இறங்கியபோது சின்ன ரூம்காரர் கை தூக்கினார். உடனே பெரிய ரூம்காரர் 'அந்த விலைக்கு நானே இருக்கிறேன்' என்றுவிட்டார். குறைந்த ஆயிரத்தில் சின்ன ரூமுக்கு 375 ஏறியது, எங்கள் இருவருக்கும் மீதி. இப்போது 9,500, 7,500, ஆளுக்கு 6,500.

கரண்ட் பில்லுக்கு ஃபில்டர்_காபி சொன்ன நடுக்கணக்கு. பகலில் வேலை செய்வதற்காக நான் தனியாக 150 சேர்த்துக் கொடுக்கிறேன், அது பெரிய ரூம்காரர் பங்கில் கழியும். சப் மீட்டர் இரண்டும் கூலியோடு 1,900 ஆயிற்று, ஏசிக்காரர்கள் பாதி, நாங்கள் பாதி. ஏசி ஃபில்டரைக் கழுவியதில் வந்த தண்ணீரின் நிறத்தை இங்கே எழுத முடியாது. கழுவிய பிறகு அதே ஏழு மணி நேரத்துக்கு 3.9 யூனிட். அன்றைக்கு வெயிலும் குறைவு, அதனால் எவ்வளவு ஃபில்டரால் என்று தெரியவில்லை.

இன்னும் தீராத ஒன்று: என் ரூம்மேட் பத்து நாளாகச் சின்ன ரூமில் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார். அவரும் ஏசிக்குக் காசு கொடுக்க வேண்டுமா? அவர் படுத்தாலும் படுக்காவிட்டாலும் ஏசி ஓடத்தானே போகிறது என்கிறார்.

பெரிய_ரூம் | ஜூலை 2, இரவு 10.31

கொடுக்க வேண்டும்.

கோடை_அகதி | 2024 ஜூலை 20, மாலை 5.10

பழைய இழைதான், மன்னிக்கவும். இந்த மாதம் முதல் ஈபி விலை மறுபடி ஏறிவிட்டது, மேலே இருக்கும் 4.50, 6, 8 எல்லாம் இப்போது செல்லாது. இலவச 100-ம், 500-ஐத் தாண்டினால் சலுகை போவதும் அப்படியே இருக்கின்றன. இரண்டு பில் போடுகிற முறையில் புது விலையைப் போட்டுப் பார்த்தேன், எங்கள் வீட்டுக்கு வேலை செய்தது. உங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறதா?

மொட்டைமாடி_காற்று | 2024 ஜூலை 21, காலை 8.00

சின்ன ரூம்காரர் மார்ச்சில் கல்யாணமாகிப் போய்விட்டார். ஏசியைக் கழற்றிக்கொண்டு போனார், சப் மீட்டரை விட்டுவிட்டார். அதில் தன் பங்கைத் திருப்பிக் கேட்கிறார். சுவரில் மாட்டிய பிறகு அது வீட்டோடு சேர்ந்தது என்கிறார் ஓனர். 475 ரூபாய்க்கு இரண்டு வாரமாகப் பஞ்சாயத்து நடக்கிறது.